அழித்த மெசேஜைக் காட்டும் வாட்ஸ்அப் நகல்கள்: கணக்கும் சாட்டும் போகாமல் வெளியே வருவதற்கு முழு வழிகாட்டி

ஜிபி வாட்ஸ்அப், எஃப்எம் வாட்ஸ்அப், யோ வாட்ஸ்அப் என்று பல பெயர்களில் சுற்றும் மாற்றப்பட்ட செயலிகளில் ஒன்றை உங்கள் ஆண்ட்ராய்டு போனில் போட்டிருக்கிறீர்கள், இப்போது அதை விட்டு வெளியே வர வேண்டும் என்றால் இந்த வழிகாட்டி உங்களுக்குத்தான். இதுவரை பலருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மாற்றிக் கொடுத்திருக்கிறேன். பெரும்பாலானவர்கள் தவறுவது ஒரே இடத்தில், வரிசையில். பயந்துபோய் முதல் வேலையாக நகல் செயலியை நீக்கிவிடுகிறார்கள், அதோடு வருடக்கணக்கான சாட்டும் போய்விடுகிறது.

எங்கள் தெருவில் தையல் கடை வைத்திருக்கும் ஒரு அக்காவின் போனை உதாரணமாக வைத்துக்கொண்டே போகிறேன். அளவை மெசேஜில் அனுப்பிவிட்டு, துணி தைத்து முடித்ததும் "நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்று அழித்துவிடும் வாடிக்கையாளர்களால் நொந்துபோய், தம்பி மகன் சொன்னான் என்று நகல் செயலி ஒன்றைப் போட்டார். நான்கு மாதம் நன்றாகத்தான் ஓடியது. ஒரு நாள் காலையில் கணக்கு தற்காலிகமாகத் தடை செய்யப்பட்டிருப்பதாகவும் இன்னும் இத்தனை மணி நேரம் பாக்கி என்றும் ஒரு கடிகாரம் திரையில் ஓடிக்கொண்டிருந்தது. கடையின் ஆர்டர் முழுக்க அந்த நம்பரில்தான் வருகிறது.

## 1. அழித்த மெசேஜ் எப்படித் தெரிகிறது என்று முதலில் புரிந்துகொள்ளுங்கள்

ஒருவர் "எல்லோருக்கும் அழி" என்று கொடுக்கும்போது, ஏற்கெனவே உங்கள் போனுக்கு வந்துவிட்ட மெசேஜை வாட்ஸ்அப் சர்வர் வந்து பிடுங்கிக்கொண்டு போவதில்லை. "அந்த மெசேஜை நீக்கிவிடு" என்ற இன்னொரு செய்தி உங்கள் போனுக்கு வருகிறது, அசல் செயலி அதற்குக் கீழ்ப்படிந்து நீக்குகிறது. நகல் செயலி அந்தக் கட்டளையைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுகிறது. அவ்வளவுதான் அதன் வித்தை.

இதிலிருந்து இரண்டு விஷயம் தெரிகிறது. நகலைப் போடுவதற்கு முன்னால் அழிக்கப்பட்ட எதையும் அது காட்ட முடியாது, ஏனென்றால் அசல் செயலி அதை ஏற்கெனவே அழித்துவிட்டது. போன வாரம் அழித்த மெசேஜை மீட்டுத் தருகிறோம் என்று சொல்லும் எந்தத் தளமும் பொய் சொல்கிறது. இரண்டாவது, இந்தச் சின்ன வேலைக்காக நீங்கள் முழுச் செயலியையும் முகம் தெரியாத ஒருவர் கையில் கொடுத்துவிடுகிறீர்கள். அதைத்தான் அடுத்துப் பார்க்கப்போகிறோம்.

## 2. எங்கே ஆபத்து

வாட்ஸ்அப்பில் மெசேஜ் பூட்டப்பட்டுத்தான் போகிறது, நடுவில் யாரும் படிக்க முடியாது என்பது உண்மை. ஆனால் அந்தப் பூட்டின் சாவி உங்கள் போனில், செயலிக்குள்ளேயே இருக்கிறது. செயலியை மாற்றி எழுதியவருக்குச் சாவியும் எட்டும், திறந்த மெசேஜும் எட்டும். இது உங்கள் மெசேஜோடு நிற்பதில்லை. குடும்பக் குரூப்பில் ஒருவர் நகலைப் பயன்படுத்தினாலும் அந்தக் குரூப்பில் எல்லோரும் எழுதுவது, அனுப்பும் படம் எல்லாம் அந்தச் செயலி வழியாகப் போகிறது.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை, நடந்திருக்கிறது. 2021 ஆகஸ்ட்டில் எஃப்எம் வாட்ஸ்அப்பின் ஒரு பதிப்புக்குள் டிரையாடா என்ற தீநிரல் இருப்பதை காஸ்பர்ஸ்கி என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் கண்டுபிடித்தது. விளம்பரத்துக்காகச் சேர்க்கப்பட்ட துண்டு நிரலோடு அது உள்ளே வந்திருந்தது. அது மேலும் பல தீநிரல்களை இறக்கிக்கொண்டு, பயனாளருக்குத் தெரியாமல் கட்டணச் சேவைகளில் பதிவு செய்யக்கூடியது. எஸ்எம்எஸ் படிக்கும் அனுமதியை நாமே அந்தச் செயலிக்குக் கொடுத்திருப்போம், ஆகவே உறுதிப்படுத்தும் குறியீட்டையும் அதுவே படித்துக்கொள்ளும்.

அடுத்த வருடம், 2022 அக்டோபரில், யோ வாட்ஸ்அப்பின் ஒரு பதிப்பு கணக்கின் சாவிகளையே வெளி சர்வருக்கு அனுப்புவதை அதே நிறுவனம் வெளியிட்டது. அந்தச் சாவி இருந்தால் செயலியே இல்லாமல் உங்கள் கணக்கை இயக்கலாம். அதே மாதம், இப்படிப்பட்ட செயலிகளை உருவாக்கிய மூன்று நிறுவனங்கள் மீது மெட்டா அமெரிக்காவில் வழக்குப் போட்டது. 10 லட்சத்துக்கும் அதிகமான கணக்குகள் கைப்பற்றப்பட்டு அவற்றின் வழியாக ஸ்பாம் அனுப்பப்பட்டது என்பது அந்த வழக்கின் குற்றச்சாட்டு.

எல்லா நகலிலும் தீநிரல் இருக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. இருக்கிறதா இல்லையா என்று உங்களால் சோதிக்க முடியாது என்பதுதான் பிரச்சினை. "அதிகாரப்பூர்வ ஜிபி தளம்" என்று தேடினால் பத்துத் தளம் வரும், ஒவ்வொன்றும் தன்னையே அசல் என்று சொல்லும். பிளே ஸ்டோரில் அது இல்லை, அசல் வாட்ஸ்அப்பின் கையொப்பமும் அதில் இருக்க முடியாது. போன மாதம் நல்லதாக இருந்த அதே பெயரில் இந்த மாதம் வேறு யாரோ கட்டிய கோப்பு இறங்கலாம்.

## 3. தொடங்குவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

அந்த நம்பரின் சிம் போட்ட போன் உங்கள் கையில் இருக்க வேண்டும், எஸ்எம்எஸ் வரும் நிலையில். சிம் காலாவதியாகிவிட்டால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள், இல்லாவிட்டால் பாதி வழியில் மாட்டிக்கொள்வீர்கள்.

போன் சேமிப்பில் காலி இடம், நகல் செயலியின் கோப்புறை இப்போது எவ்வளவு பிடித்திருக்கிறதோ அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக. அப்புறம் ஒரு மெமரி கார்டோ கணினியோ. கோப்பு மேலாளர் செயலி ஒன்று, பெரும்பாலான போன்களில் ஏற்கெனவே இருக்கும்.

முன்பு இரண்டடுக்குச் சரிபார்ப்பு PIN வைத்திருந்தால் அதை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். மறந்துவிட்டு, மீட்க மின்னஞ்சலும் கொடுக்காமல் இருந்தால் 7 நாள் காத்திருக்க வேண்டிவரலாம்.

ஒரு கேள்விக்கும் இப்போதே பதில் வேண்டும். அதே போனில் அசல் வாட்ஸ்அப்பும் வேறு நம்பரில் ஓடுகிறதா? ஓடுகிறது என்றால் கீழே வரும் கோப்புறை மாற்றத்தை அந்தப் போனில் செய்யாதீர்கள், இருக்கும் சாட்டோடு மோதும். முக்கியமான சாட்டுகளை மட்டும் ஒவ்வொன்றாகத் திறந்து `Export chat` மூலம் உரைக் கோப்பாக எடுத்துவைத்துக்கொண்டு, நகல் நம்பரை அசல் செயலியிலேயே இரண்டாவது கணக்காகச் சேருங்கள். 2023 கடைசியிலிருந்து ஆண்ட்ராய்டில் அசல் செயலியே இரண்டு கணக்கைத் தருகிறது. இரண்டு நம்பருக்காகத்தான் நகலைப் போட்டேன் என்று சொல்பவர்கள் நிறையப் பேர், அந்தக் காரணம் இப்போது இல்லை.

## 4. முதலில் சேமியுங்கள், எதையும் நீக்காதீர்கள்

தடைக் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தால் அது முடியும் வரை காத்திருங்கள். இந்த நேரத்தில்தான் மக்கள் பதறிப்போய் "தடை வராத பதிப்பு" என்று இன்னொரு நகலை இறக்கிப் போடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். தற்காலிகத் தடை வந்த காரணமே அந்த நகல்தான், திரும்பத் திரும்ப அதே மாதிரி செயலியிலிருந்து நுழைந்தால் அடுத்தது நிரந்தரத் தடை.

கடிகாரம் முடிந்ததும் நகல் செயலியைத் திறந்து `Settings > Chats > Chat backup` போய் `Back up` அழுத்துங்கள். இது பெரும்பாலும் போனுக்குள் மட்டும்தான் சேமிக்கும், கூகுள் டிரைவுக்குப் போகாது. டிரைவில் இருக்கிறது என்று நம்பி விட்டுவிடாதீர்கள்.

இப்போது கோப்பு மேலாளரைத் திறந்து கோப்புறையைத் தேடுங்கள். பெயர் நகலுக்கு நகல் மாறும், ஜிபி என்றால் பெரும்பாலும் இங்கே இருக்கும்:

```
Android/media/com.gbwhatsapp/GBWhatsApp/
```

பழைய போன்களில் சேமிப்பின் முதல் மட்டத்திலேயே `GBWhatsApp` என்று இருக்கலாம். உள்ளே `Databases` என்ற கோப்புறையில் `msgstore.db.crypt14` அல்லது `crypt15` என்று முடியும் கோப்பு இருக்கிறதா, அதன் தேதி இன்றைய தேதிதானா என்று பாருங்கள். அந்த ஒரு கோப்புதான் உங்கள் சாட் முழுவதும். பக்கத்தில் தேதி போட்ட பழைய கோப்புகளும் சில இருக்கும், கடந்த ஏழு நாள் வரைக்குமான தானியங்கிச் சேமிப்புகள் அவை. தடை காரணமாக உள்ளே போய் `Back up` அழுத்த முடியாதவர்களுக்கு அவைதான் கதி. அக்காவுக்கு அப்படித்தான் ஆனது. கடிகாரம் முடிந்தும் நகல் திறக்காமல் மூடிக்கொண்டே இருந்ததால், மூன்று நாள் முந்தைய கோப்புதான் கிடைத்தது.

சரி, அந்த முழுக் கோப்புறையையும் `Download` உள்ளே ஒரு காப்பியும், கணினியிலோ மெமரி கார்டிலோ இன்னொரு காப்பியும் எடுத்துவையுங்கள். வெட்டி ஒட்டாதீர்கள், காப்பி மட்டும். `Android/media` உள்ளே இருப்பது செயலியை நீக்கும்போது அதோடு சேர்ந்து அழியக்கூடும், அதனால்தான் வெளியே எடுத்துவைக்கச் சொல்கிறேன்.

## 5. அடுத்து நகலை நீக்குங்கள், புதிய குறியீடு வருவதற்கு முன்பே

இந்த இடத்தில் பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். அசல் செயலியைப் போட்டு, குறியீடு வாங்கி, எல்லாம் முடிந்த பிறகு சாவகாசமாக நகலை நீக்குகிறார்கள். எஸ்எம்எஸ் படிக்கும் அனுமதி அந்த நகலுக்கு இருந்தால், அசல் கணக்குக்கு வரும் ஆறு இலக்கக் குறியீட்டையும் அது படிக்கும். அதனால் குறியீடு கேட்கும் முன்பே அது போனில் இருக்கக் கூடாது.

நீக்கியதும் மூன்று இடம் பாருங்கள். முதலில் போன் அமைப்பில் தெரியாத செயலிகளை நிறுவும் அனுமதி எந்தெந்தச் செயலிக்கு இருக்கிறது என்று பார்த்து எல்லாவற்றையும் அணையுங்கள், பிரவுசர் உட்பட. அடுத்து அணுகல் வசதி பகுதியிலும் சாதன நிர்வாகி பகுதியிலும் நீங்கள் போடாத பெயர் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். கடைசியாக பிளே ஸ்டோரில் உங்கள் படத்தைத் தொட்டு `Play Protect` போய் `Scan` கொடுங்கள். போனை ஒருமுறை அணைத்து இயக்குங்கள்.

நகலைப் போட்ட காலத்திலிருந்து தானாக விளம்பரம் எழும்புகிறது, பேலன்ஸ் காரணமில்லாமல் குறைகிறது, பட்டியலில் தெரியாத செயலி முளைத்திருக்கிறது என்றால் இதோடு நிற்காதீர்கள். டிரையாடா மாதிரி ஒன்று வந்திருந்தால் அது வேறு செயலிகளையும் இறக்கியிருக்கும், அதைக் கொண்டுவந்த செயலியை நீக்குவதால் அவை போகாது. படங்களையும், 4-ஆம் படியில் எடுத்த கோப்புறையையும் கணினியில் வைத்துவிட்டு போனை முழுமையாக ரீசெட் செய்யுங்கள். திரும்பப் போடும்போது, செயலியை நிறுவும் பழைய `.apk` கோப்புகள் எதையும் உள்ளே கொண்டுவராதீர்கள்.

## 6. கோப்புறையை அசல் செயலிக்குப் புரியும் பெயருக்கு மாற்றுங்கள்

அசல் வாட்ஸ்அப் தன் பெயரிலுள்ள இடத்தில் மட்டுமே பழைய சாட்டைத் தேடும். அதனால் செயலியைப் பதிவு செய்வதற்கு முன்பே கோப்புறை தயாராக இருக்க வேண்டும். கோப்பு மேலாளரில் இந்தப் பாதையை உருவாக்குங்கள், எழுத்து பெரிது சிறிது உட்பட அப்படியே:

```
Android/media/com.whatsapp/WhatsApp/
```

நீங்கள் `Download` உள்ளே வைத்த கோப்புறைக்குள் இருக்கும் `Databases`, `Media` இரண்டையும் இதற்குள் காப்பி செய்யுங்கள். அப்புறம் `Media` உள்ளே போய் `GBWhatsApp Images` என்று இருப்பதை `WhatsApp Images` என்று மாற்றுங்கள், வீடியோ, ஆடியோ, ஆவணம் எல்லாவற்றுக்கும் அதே மாதிரி. இதைச் செய்யாவிட்டால் சாட் வரும், படங்கள் மங்கலாக நிற்கும்.

கையில் தேதி போட்ட பழைய கோப்புதான் இருக்கிறது என்றால் அதன் பெயரிலிருந்து தேதியை மட்டும் எடுத்துவிடுங்கள். `msgstore-2025-01-10.1.db.crypt14` என்று இருந்தால் `msgstore.db.crypt14` என்று மாற்ற வேண்டும். கடைசி எண்ணைத் தொடாதீர்கள், 14 இருந்தால் 14 தான்.

## 7. அசல் செயலி, குறியீடு, மீட்பு

பிளே ஸ்டோரிலிருந்து வாட்ஸ்அப்பைப் போட்டு, அதே நம்பரைக் கொடுத்து, குறியீட்டை உள்ளிடுங்கள். கோப்புகளுக்கும் தொடர்புகளுக்கும் அனுமதி கேட்கும்போது கொடுங்கள், கொடுக்காவிட்டால் அதன் கண்ணுக்கு எதுவும் தெரியாது. சேமிப்பு கிடைத்தது என்று திரை வந்ததும் `Restore`.

திரை வரவில்லை என்றால் `Skip` அழுத்தாதீர்கள். அழுத்திவிட்டால் காலியான கணக்கோடு உள்ளே போய்விடுவீர்கள், திரும்ப நீக்கிப் போட்டு இன்னொரு குறியீடு வாங்க வேண்டிவரும். குறியீடு கேட்கக் கேட்கக் காத்திருக்கும் நேரம் கூடிக்கொண்டே போகும். அதற்குப் பதிலாகச் செயலியை மூடிவிட்டுக் கோப்புறையின் பெயரைப் பாருங்கள். அக்காவின் போனில் முதல் முறை வரவில்லை. பார்த்தால், அவசரத்தில் `com.whatsapp` உள்ளே `GBWhatsApp` என்ற பெயரிலேயே ஒட்டியிருந்தேன். பெயரை மாற்றி மறுபடி திறந்ததும் மீட்புத் திரை வந்தது.

எல்லோருக்கும் இது பலிக்காது. நகல் செயலிகள் சாட் கோப்பின் உள் அமைப்பை மாற்றியிருந்தால் அசல் செயலி அதை ஏற்காது, வாட்ஸ்அப்பும் இந்த மாற்றத்துக்குப் பொறுப்பேற்பதில்லை. முக்கியமான சாட்டுகளை நகலில் இருக்கும்போதே `Export chat` செய்துவைத்திருந்தால் அந்த உரையாவது கையில் இருக்கும்.

## 8. உள்ளே வந்ததும் கதவுகளை அடையுங்கள்

நம்பரைப் புதிதாகப் பதிவு செய்ததால் பழைய சாவிகள் செல்லாது. இருந்தாலும் `Linked devices` போய்ப் பாருங்கள், நீங்கள் அறியாத கணினியோ போனோ பட்டியலில் இருந்தால் வெளியேற்றுங்கள். அடுத்து `Settings > Account > Two-step verification` போய் ஆறு இலக்க PIN வைத்து மின்னஞ்சலையும் கொடுங்கள். இந்த PIN இருந்தால் எஸ்எம்எஸ் குறியீடு யார் கையில் சிக்கினாலும் அது மட்டும் போதாது.

நகலுக்கு எஸ்எம்எஸ் அனுமதி கொடுத்திருந்தீர்கள் என்றால் அந்தக் காலத்து வங்கிக் கணக்கு வரவு செலவை ஒருமுறை பாருங்கள். மின்னஞ்சல், வங்கிக் கடவுச்சொற்களை வேறொரு சுத்தமான போனிலிருந்து மாற்றுங்கள். இந்தியாவில் பணம் போயிருப்பது தெரிந்தால் உடனே 1930-க்கு அழையுங்கள், `cybercrime.gov.in` தளத்திலும் புகார் பதியலாம். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை வழியில் நிறுத்த வாய்ப்பு உண்டு.

உங்கள் பாதுகாப்புக் குறியீடு மாறிவிட்டது என்று நண்பர்கள் சிலரின் திரையில் அறிவிப்பு வரும். நம்பரைப் புதிதாகப் பதிந்ததால் வருவதுதான், கேட்டால் சொல்லிவிடுங்கள்.

நிரந்தரத் தடை வந்தவர்களுக்கு வழி வேறு. அசல் செயலியைப் போட்டு நம்பரைக் கொடுத்தால், கணக்கு வாட்ஸ்அப்பைப் பயன்படுத்த முடியாது என்ற திரையிலேயே மறுபரிசீலனை கேட்கும் பொத்தான் இருக்கும். அதில் நகலைப் பயன்படுத்தியதை மறைக்காமல், நீக்கிவிட்டதைச் சுருக்கமாக எழுதி அனுப்புங்கள். திரும்பக் கிடைக்கும் என்று உறுதி கிடையாது. காசு கொடுத்தால் தடையை எடுத்துத் தருகிறேன் என்று சொல்பவர்களிடம் நம்பரையும் குறியீட்டையும் கொடுத்துவிடாதீர்கள்.

## 9. அழித்த மெசேஜ் இன்னும் வேண்டும் என்றால்

ஆண்ட்ராய்டு 11-லிருந்து போனிலேயே அறிவிப்பு வரலாறு இருக்கிறது. `Settings > Notifications > Notification history` போய் இயக்கிவிடுங்கள், சில போன்களில் இது `Advanced settings` உள்ளே இருக்கும். அதற்குப் பிறகு வரும் அறிவிப்புகள் 24 மணி நேரம் அங்கே நிற்கும், அனுப்பியவர் அழித்தாலும் அறிவிப்பில் வந்த வரிகளைப் படிக்கலாம்.

எல்லைகளையும் சொல்லிவிடுகிறேன். முன்கூட்டியே இயக்கியிருக்க வேண்டும். ஒலியடக்கிய சாட்டுக்கும், நீங்கள் திறந்து வைத்திருந்த சாட்டுக்கும் அறிவிப்பே வராது, அதனால் பதிவும் இருக்காது. படமும் குரல் பதிவும் கிடைக்காது, நீண்ட மெசேஜ் பாதியில் வெட்டுப்படும். இதே வேலையைச் செய்கிறோம் என்று எல்லா அறிவிப்பையும் படிக்க அனுமதி கேட்கும் தனிச் செயலிகளும் இருக்கின்றன, வங்கி ஓடிபியும் அறிவிப்பாகத்தான் வருகிறது என்பதால் அவற்றையும் நான் யாருக்கும் போட்டுத் தருவதில்லை.

தையல் கடை அக்காவுக்கு மூன்று நாள் மெசேஜ் போனது, அதில் இரண்டு ஆர்டரின் அளவை வாடிக்கையாளர்களிடம் மறுபடி கேட்டு வாங்கினார். இப்போது அளவு வந்ததும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து "இந்த அளவுதானே?" என்று அதையே அவர்களுக்குத் திருப்பி அனுப்புகிறார். "ஆமாம்" என்று பதில் வந்த பிறகுதான் துணியில் கத்தரி வைக்கிறார்.